கேட்ட விலை கட்டாதா? ஆள் போகாமல் பதில் சொல்லும் விதம்

கேள்வி: இரண்டாம் ஈற்றுக் கலப்பினப் பசு ஒன்றை 55,000 ரூபாய் விலை சொல்லி விற்க இருந்தோம். பார்க்க வந்த வியாபாரி 32,000-க்குக் கேட்டார். கோபத்தில், ‘அந்த விலைக்கு ஆடு கூடக் கிடைக்காது’ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். போனவர் திரும்பி வரவே இல்லை. என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: மாட்டு வியாபாரத்தில் முதலில் கேட்கும் விலை, பெரும்பாலும் ஆழம் பார்க்கத்தான். வண்டி வாடகை, தரகு, சொன்ன பால் கறக்காமல் போனால் வரும் நஷ்டம் எல்லாவற்றையும் கழித்துத்தான் வியாபாரி கேட்பார். அவர் கேட்ட விலையைவிட, மாட்டை எப்படிப் பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவி, நான்கு காம்பிலும் பீய்ச்சிப் பார்த்தவர் என்றால் அவருக்கு மாடு பிடித்திருக்கிறது. அவரை இழக்கக் கூடாது.

கோபமாகப் பேசினால், அவரே நினைத்தாலும் விலையை ஏற்றிக் கேட்க முடியாது, கௌரவம் தடுக்கும். அதற்காக, ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று இழுப்பதும் தவறு. அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அதே 32,000-த்தோடு மறுநாள் வந்து நிற்பார். மறுப்பு தெளிவாக இருக்க வேண்டும். அடுத்து அவர் என்ன செய்யலாம் என்பதும் அதே பேச்சில் இருக்க வேண்டும். இப்படிச் சொல்லலாம்:

“அண்ணே, இவ்வளவு தூரம் வந்து மாட்டை நல்லாப் பார்த்தீங்க, சந்தோஷம். ஆனா முப்பத்திரண்டு எங்களுக்குக் கட்டாதுங்க. கன்று போட்டு ஒன்றரை மாசம் ஆகுது. காலையில ஏழு, சாயந்தரம் அஞ்சு லிட்டர் கறக்குது. இன்னைக்குச் சாயந்தரமும் நாளைக்குக் காலையிலயும் நீங்களே உட்கார்ந்து கறந்து பாருங்க. அளந்து பார்த்துட்டு ஒரு விலை சொல்லுங்க, பேசிக்கலாம்.”

இதில் 32,000 முடியாது என்பது உறுதியாக இருக்கிறது. ஆனால், கேட்டவரைக் குறை சொல்லவில்லை. புது விலையும் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே ‘சரி, ஐம்பது கொடுங்கள்’ என்று இறங்கினால், இன்னும் இறங்குவார்கள் என்றுதான் வியாபாரி நினைப்பார்.

இரண்டு வேளை கறந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முந்தைய வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டும் பழக்கம் சந்தையில் இருப்பது வியாபாரிக்குத் தெரியும். அடுத்தடுத்து இரண்டு வேளை அவரே கறந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். வீட்டில் ஒரே கறவை என்றால் பால் சொசைட்டி அட்டையையும் காட்டலாம். இரண்டு, மூன்று மாடு கறந்தால் அட்டை ஒரு மாட்டுக்குச் சாட்சி ஆகாது.

‘சுழி சரியில்லை’ என்று விலையைக் குறைப்பவர்களும் உண்டு. அதற்கு வாதம் வேண்டாம். “சுழி பார்க்கிறது உங்க விருப்பம் அண்ணே, நாங்க பாலுக்குத்தான் விலை சொல்றோம்” என்றால் போதும். ‘வேறொருவர் ஐம்பதுக்குக் கேட்டார்’ என்று இல்லாததைச் சொல்லக் கூடாது. சுற்றுவட்டாரத்துத் தரகர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள். பொய் தெரிந்துவிட்டால், சொன்ன பால் அளவையும் நம்ப மாட்டார்கள்.

கறந்து பார்த்தவர் 44,000-க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இறங்கலாம், ஆனால், சும்மா இறங்கக் கூடாது. “இன்னைக்கே முழுப் பணம் கொடுத்து ஓட்டிக்கிட்டுப் போறதா இருந்தா ஐம்பத்திரண்டு போட்டுக்கலாம்ணே” என்று, குறைப்பதற்கு ஈடாக ஒன்றைக் கேட்க வேண்டும். கடைசி விலை என்ன என்பதை, ஆள் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும். 48,000 என்று முடிவு செய்திருந்தால், 44-க்கும் 52-க்கும் நடுவே எங்கே நிற்பது என்ற தடுமாற்றம் வராது.

எல்லாக் குறைந்த விலையும் ஆழம் பார்ப்பது அல்ல. “எதை வெச்சு அந்த விலை சொல்றீங்க அண்ணே?” என்று பொறுமையாகக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு காம்பில் பால் குறைவு, மடியில் கட்டி என்று உண்மையான குறையைக் காட்டினால், ஒப்புக்கொண்டு விலையைத் திருத்துவதுதான் சரி. தொடர்பில்லாத மூன்று பேர் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கேட்டால், சொன்ன விலைதான் அதிகம். பால் வற்றும் நிலையில் உள்ள மாடு என்றால் அதிக நாள் காத்திருக்கவும் முடியாது. தீவனச் செலவு கையைக் கடிக்கும்.

வாசகி வீட்டுப் பசு இன்னும் விற்காமல் இருந்தால், அந்த வியாபாரியையே கூப்பிடலாம். “அன்னைக்குக் கொஞ்சம் கோபமாப் பேசிட்டோம், மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. மாடு இங்கேதான் இருக்கு. ரெண்டு வேளை கறந்து பார்க்க வாங்க” என்றால் போதும். விலையைப் பற்றிப் போனில் பேச வேண்டாம். மாட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொள்ளலாம்.