முத்திரை முந்தியதா, அழுத்தம் முந்தியதா?

சிறார் குற்றம் குறித்த ஒப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு சமரசத்தில் முடிகின்றன: அழுத்தம் குற்றத்தைத் தொடங்கிவைக்கிறது, முத்திரை அதைத் தொடரவைக்கிறது என்று. இந்தப் பங்கீடு வசதியானது. ஆனால் இரு கோட்பாடுகளும் மோதும் இடத்தையே அது மூடிவிடுகிறது. ராபர்ட் மெர்ட்டன் 1938-இல் எழுதியபோது, செல்வம் என்ற இலக்கை அமெரிக்கச் சமூகம் எல்லோர் முன்னும் வைக்கிறது, அதை அடையும் நேர்வழியையோ சிலருக்கு மட்டுமே திறந்துவைக்கிறது என்றார். வழி அடைபட்டவர்களிடம் குற்றம் மிகும் என்பது அதன் முடிவு. ஏழைகளிடம் குற்றம் மிகுதி என்பதற்கு அன்று பெரிதும் ஆதாரமாக இருந்தவை அரசுப் புள்ளிவிவரங்கள். முத்திரைக் கோட்பாட்டினர் கை வைப்பது அந்த எண்ணிக்கையின் மீதுதான். ஹோவர்ட் பெக்கர் 1963-இல் வாதிட்டதுபோல், ஒரு செயலை விலகலாக்குவது பிறர் அதற்குக் காட்டும் எதிர்வினை என்றால், பதிவேட்டில் இருப்பது பிடிபட்டவர்களின் கணக்கே தவிரத் தவறு செய்தவர்களின் கணக்கு அல்ல.

இதற்கு வில்லியம் சாம்ப்ளிஸ் 1973-இல் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான சான்று அரிது. ஒரே அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் இரண்டு சிறுவர் குழுக்களை அவர் இரண்டாண்டுகள் கவனித்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு அவர் இட்ட பெயர் ‘புனிதர்கள்’. ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ‘முரடர்கள்’. முதல் குழு பள்ளிக்கு மட்டம் போட்டது, குடித்தது, குடித்துவிட்டு ஆபத்தாகக் கார் ஓட்டியது, பொருள்களை நாசம் செய்தது. எண்ணிக்கையில் அவர்கள் தவறுகள் முரடர்களுடையவற்றுக்குக் குறைந்தவை அல்ல. ஆயினும் ஒருவர்கூடக் கைதாகவில்லை. கார் இருந்ததால் அவர்களால் ஊர்க் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போக முடிந்தது. போலீஸ் நிறுத்தினால் பணிவாகப் பேசவும் தெரிந்தது. முரடர்களோ ஊர் பார்க்கத் தெருமுனையில் நின்றார்கள், அதிகாரிகளிடம் வெறுப்பைக் காட்டினார்கள், அடிக்கடி போலீஸிடம் சிக்கினார்கள். வழி அடைபடாத எட்டுப் பேர் இவ்வளவு செய்ததை மெர்ட்டனால் எளிதில் விளக்க முடியாது.

இத்துடன் நிறுத்தினால் முத்திரைக் கோட்பாடு வென்றதாகத் தோன்றும். ஆனால் அந்த ஆறு பேரின் பிற்காலம் அதற்கு இடம் தரவில்லை. இருவர் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள். வேறு இருவர் விளையாட்டு உதவித்தொகையில் கல்லூரிக்குப் போய்ப் பள்ளி ஆசிரியர்களாக, பயிற்சியாளர்களாக ஆனார்கள். நால்வர் மீதும் விழுந்தது அதே ஊரின் அதே முத்திரை. இருவருக்கு மட்டும் ஒரு நேர்வழி திறந்தது. கிளவார்டும் ஓலினும் 1960-இல் வலியுறுத்திய வாய்ப்பு என்பது இதுதான். ஆகவே என் வாதம் இது: முத்திரை பெரும்பாலும் வேலை செய்வது சிறுவனின் மனத்தில் புகுந்து அல்ல, அவன் வழிகளை அடைத்துத்தான். பள்ளி ஒதுக்குகிறது, வேலை தருபவர் தயங்குகிறார், நல்ல நண்பர்களை அவர்கள் வீட்டார் விலக்குகிறார்கள். மெர்ட்டன் பிறப்பிலேயே இருப்பதாகக் கண்ட அழுத்தத்தின் ஒரு பகுதியை, பின்னாளில் காவல் நிலையமும் பள்ளியும் உண்டாக்குகின்றன.

பதினான்கு சிறுவர்களையும் ஒரே ஒரு பார்வையாளரையும் வைத்து இவ்வளவு சொல்லலாமா என்ற மறுப்பு நியாயமானது. அதைவிட வலுவான மறுப்பும் உண்டு: முத்திரை பெற்றவர்கள் முதலிலேயே கடுமையானவர்களாக இருந்திருக்கலாம், முரடர்களின் அடிதடியும் திருட்டும் அப்படித்தான் சொல்கின்றன. அவதானிப்பால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. குலுக்கல் முறையில் சிறாரைப் பிரித்துப் பார்க்கும் சோதனை வேண்டும். பெட்ரோசினோவும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் அத்தகைய 29 சோதனைகளை, 7,300-க்கும் மேற்பட்ட சிறாரை உள்ளடக்கியவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முறையான நீதி நடவடிக்கைக்கு உட்பட்டவர்களிடம் மறுகுற்றம் குறையவில்லை. விடுவிக்கப்பட்டவர்களையும் வேறு சேவைக்குத் திருப்பப்பட்டவர்களையும்விடச் சராசரியில் சற்றுக் கூடியே இருந்தது. இரு தரப்பும் தொடக்கத்தில் ஒத்தவை என்பதால் ‘முதலிலேயே கெட்டவர்கள்’ என்ற விளக்கம் இங்கே நிற்காது. எனினும் இச்சோதனைகள் பெரிதும் சிறு குற்றங்களைப் பற்றியவை; கொலை வழக்குக்கு அவற்றை நீட்டக் கூடாது. நடவடிக்கை தீங்கு செய்தது சுயமதிப்பு வழியாகவா, அடைபட்ட வாய்ப்பு வழியாகவா என்பதையும் அவை பிரித்துக் காட்டுவதில்லை.

அதைப் பிரித்தறிய உதவும் தரவு நம் கையில்தான் உருவாகிறது. நன்னடத்தை அலுவலர் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கையில் வறுமை, இடைநிற்றல், கெட்ட சகவாசம் ஆகியவை காரணங்களாக வரிசையாக நிற்கின்றன. எது எப்போது நிகழ்ந்தது என்பது பல நேரம் இருப்பதில்லை. பள்ளியிலிருந்து நின்ற மாதமும் போலீஸ் முதன்முதலில் அழைத்த மாதமும் அருகருகே எழுதப்படட்டும். இடைநிற்றல் முந்தியிருந்தால் அழுத்தக் கோட்பாட்டுக்கு வலுச் சேரும். அப்போது கேட்க வேண்டியது கல்விக்கும் தொழிற்பயிற்சிக்குமான வழி. போலீஸ் விசாரணைக்குப் பிறகு பள்ளி சிறுவனை நிறுத்தியிருந்தால் அந்த இடைநிற்றலைக் குற்றத்தின் காரணமாக எழுதுவது தவறு. அது நடவடிக்கையின் விளைவு, குழுமம் தலைமையாசிரியரிடம் பேசிச் சரிசெய்யக்கூடிய ஒன்று.