"எல்லாத்துக்கும் ஓம் குடுங்கோ" என்பது மொழிபெயர்ப்பு அல்ல

பெரியம்மாவுக்குப் புதுப் போன் வந்தது. ரொறன்ரோவில் இருக்கிற மகன் காசு அனுப்ப, யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வாங்கினவா. செற் பண்ணித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, திரையில் ஒவ்வொரு கேள்வி வரும்போதும் "என்னவாம் பிள்ளை கேக்குது?" என்று கேட்டா. முதல் நாலு கேள்விக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "அது ஒண்டுமில்லை, ஓம் குடுங்கோ."

ஐந்தாவது கேள்வியில்தான் எனக்கே வெட்கம் வந்தது. தமிழை ஒழுங்காக எழுதவேண்டும், மொழிபெயர்ப்பு நேர்மையாக இருக்கவேண்டும் என்றெல்லாம் சண்டை பிடிக்கிற நாங்கள்தான், வீட்டில் ஒரு வயசான மனுசிக்கு அவவின் போன் கேட்கிற கேள்வியை "ஒண்டுமில்லை" என்று மொழிபெயர்க்கிறோம். இதைவிட மோசமான மொழிபெயர்ப்பை நான் எங்கேயும் வாசித்ததில்லை.

போனைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் சரிதானே என்பீர்கள். மாற்றினேன். "தொடர்புகள்" என்று வந்தது, "அணுக" என்று வந்தது. பெரியம்மா வாசித்துவிட்டு, "எனக்கு ஆரோட தொடர்பு? இது ஏன் அதை அணுகுது?" என்று கேட்டா. சிரித்தேன். ஆனால் கேள்வியில் பிழை இல்லை. சொல்லுக்குச் சொல் தமிழ் இருக்கிறது, நடக்கப்போகிற காரியம் அதில் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை என்பதுதான் முக்கியம். "Allow … to access your contacts?" என்பதும் பொருளின் பெயரைத்தான் சொல்கிறது, செய்யப்போவதைச் சொல்வதில்லை. எங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் விளங்கிவிட்டது என்று நினைத்து அமத்துகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே அந்த ஒரு கேள்வியை ஒழுங்காகத் தமிழாக்கிப் பார்த்தேன். அவவின் போனில் 214 பேர் இருந்தார்கள். நான் சொன்னது இப்படி:

"உங்கட போனில இருக்கிற 214 பேற்ற பெயர், நம்பர், நீங்கள் பக்கத்தில எழுதி வைச்ச குறிப்பு எல்லாத்தையும் இந்த அப் வாசிக்கலாமோ எண்டு கேக்குது. இவரைக் காட்டு, அவரை விடு எண்டு பிரிச்சுக் குடுக்க இந்தப் போனில ஏலாது. வாசிச்சதைத் தன்ர கொம்பனிக் கணினிக்குக் கொண்டு போயிட்டுதெண்டால், நாளைக்கு நீங்கள் வேண்டாம் எண்டு மாத்தினாலும் கொண்டு போனது திரும்பி வராது."

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ராணியின்ர பேரும் போகுமோ?" என்றா. அவவின் போனில் அந்தப் பெயர் "ராணி சீட்டு இன்னும் தரேல்லை" என்று பதிந்திருந்தது.

எங்கள் ஆட்கள் பெயரைப் பதிகிற விதமே அப்படித்தான். "குமார் ஓட்டோ", "டொக்டர் சுகர் கிளினிக்", "மூத்தவன் கொழும்பு பழைய நம்பர்". யாருக்கு என்ன நோய், யார் யாருக்குக் கடன், யாருடைய மகன் எங்கே என்பது அந்த 214 வரியில் பாதி தெரிந்துவிடும். "எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை" என்கிற வழமையான பதில் இந்த இடத்தில் செல்லாது. லொக்கேஷன் உங்களுடையது, குரல் உங்களுடையது. கொடுக்கிறதும் விடுகிறதும் உங்கள் விருப்பம். ராணியின் நம்பர் ராணியுடையது. அவவிடம் ஒருவரும் கேட்கவில்லை. எல்லா அனுமதிகளிலும் மற்றவர்களுக்காக நாங்கள் கையெழுத்துப் போடுகிற அனுமதி இதுதான், ஆகக் குறைவாக யோசித்துக் கொடுக்கிறதும் இதுதான்.

நான் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு இந்தியாவில் நடந்தது தெரிந்திருக்கும். உடனடிக் கடன் தருகிற அப்கள் சில, கடன் வாங்கினவரின் நம்பர் பட்டியலை எடுத்து, தவணை பிந்தியதும் அவரின் மாமா, மேலதிகாரி, பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் அழைத்து அவமானப்படுத்தின. அவர்கள் ஒருவரும் கடன் வாங்கவில்லை. 2023 மே முடிவிலிருந்து, தனிநபர் கடன் அப்கள் நம்பர் பட்டியலையும் படங்களையும் எடுக்கக்கூடாது என்று கூகிள் தன் பிளே ஸ்ரோரில் விதி போட்டது. ஆனால் யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பின ஏபிகே கோப்பைப் போட்டால் அந்த விதி அங்கே வராது.

பிறகு இரண்டு பேரும் இருந்து ஒவ்வொன்றாக முடிவெடுத்தோம். காலநிலை அப் இடத்தைக் கேட்டது. அதற்கு வீட்டு வாசல் தேவையில்லை. Approximate என்பதை அமத்தினால் ஏறக்குறைய 3 சதுர கிலோமீற்றருக்குள் எங்கேயோ இருக்கிறா என்று மட்டும் தெரியும், கொக்குவிலில் மழையோ என்று சொல்ல அது காணும். நேரத்துக்கு While using the app கொடுத்தோம். பலன் சொல்கிற நாட்காட்டி அப் ஒன்று நம்பர் பட்டியலையும் மைக்கையும் கேட்டது. "ராகு காலம் பாக்க ராணியின்ர நம்பர் எதுக்கு?" என்று பெரியம்மாவே Don't allow இல் விரலை வைத்தா. ராகு காலம் வழமைபோல் வந்தது.

மறுத்தால் போன் பழுதாகிவிடும் என்ற பயம் எங்கள் வீடுகளில் நிறைய இருக்கிறது. மறுத்துப் பார்ப்பதுதான் ஆகச் சுலபமான பரிசோதனை. உண்மையாகத் தேவைப்படுகிற அப், அந்த வேலை வரும்போது திரும்பக் கேட்கும். மைக் இல்லாமல் அழைப்பு எடுக்க ஏலாது, அப்போது கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: அண்ட்ரொய்ட் 11 இலிருந்து, ஒரே அனுமதியை இரண்டு தரம் மறுத்தால் அந்தக் கேள்வி பிறகு வராது. Settings இல் அந்த அப்பைத் திறந்து, Permissions இல் போய் நாங்களாகத்தான் மாற்றவேண்டும். "அப் வேலை செய்யுதில்லை" என்று வருகிற முறைப்பாடுகளில் இதுவும் ஒன்று, பழுது இல்லை.

நான் தோற்ற இடமும் உண்டு. வட்ஸ்அப்புக்கு நம்பர் பட்டியலைக் கொடுத்தோம். கொடுக்காவிட்டால் மகனும் வெறும் நம்பராகத்தான் தெரிவான், அந்த நீளமான கனடா நம்பரைப் பார்த்து மகன் என்று கண்டுபிடிக்க அவவால் ஏலாது. ஐபோனில் 2024 இல் வந்த ஐஓஎஸ் 18 இலிருந்து, தெரிவு செய்த ஆட்களை மட்டும் ஒரு அப்புக்குக் காட்டலாம். மகன் ஒருவனை மட்டும் காட்ட முடிந்திருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். பெரியம்மாவின் போனில் அந்தத் தெரிவு இல்லை, ஆகவே 214 பேரும் போனார்கள். கொடுக்க முதல் அவ செய்த வேலை, "ராணி சீட்டு இன்னும் தரேல்லை" என்பதை "ராணி" என்று மாற்றினது.

வீட்டுக்கு வந்து என் போனில் Permission manager ஐத் திறந்து Contacts ஐ அமத்தினேன். 17 அப்களுக்கு ஓம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்று, படத்துக்குப் பூ ஒட்டுகிற அப். எப்போது கொடுத்தேன் என்று ஞாபகமே இல்லை. பதினான்கை நிறுத்தினேன், இரண்டு நாளாக ஒன்றும் பழுதாகவில்லை. ஏற்கெனவே போனது போனதுதான். அந்தப் பட்டியலில் பெரியம்மாவின் நம்பரும் இருந்தது, அவவின் பெயருக்குப் பக்கத்தில் வீட்டு விலாசமும்.