தானா நிரப்பலைன்னா கொஞ்சம் நில்லுங்க

போன செவ்வாய் ராத்திரி ஒன்பதரை மணி. மகளுடைய பள்ளிச் சுற்றுலாவுக்கு இன்றைக்குள் பணம் கட்டணும் என்று ஒரு மின்னஞ்சல். லிங்க்கை அழுத்தினேன். எப்போதும் பார்க்கிற அதே லோகோ, அதே நீலப் பட்டன். ஆனால் பாஸ்வேர்ட் மேனேஜர் எதையும் நிரப்பாமல் சும்மா இருந்தது. "சே, இது வேற படுத்துது" என்று அதைத் திறந்து, பாஸ்வேர்டைக் காப்பி செய்து, ஒட்டுவதற்கு விரலையும் கொண்டுபோய்விட்டேன். சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவள் நான்!

அப்புறம்தான் முகவரியைப் பார்த்தேன். கட்டணத் தளத்தின் முகவரி example.com என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் இருந்தது exarnple.com. m இருக்க வேண்டிய இடத்தில் r, n இரண்டும் ஒட்டி நின்றன. போனில் நம்ம கண்ணுக்கு அது m தான். பாஸ்வேர்ட் மேனேஜர் லோகோவையோ நிறத்தையோ பார்ப்பதில்லை. பாஸ்வேர்டைச் சேமித்தபோது இருந்த தளத்தின் பெயரும், இப்போது திறந்திருக்கும் தளத்தின் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் தராது.

அப்போ நிரப்பாத இடமெல்லாம் மோசடியா? இல்லை. சில தளங்களின் படிவமே கோணல்மாணலாக எழுதப்பட்டிருக்கும். வித்தியாசம் தெரிய, மேனேஜரின் ஐகானைத் தட்டிப் பாருங்கள். இந்தத் தளத்துக்கான கணக்கு என்று உங்கள் பெயரைக் காட்டி, கட்டத்தில் மட்டும் நிரப்பவில்லை என்றால் பெரும்பாலும் படிவத்தின் கோளாறுதான். பூட்டைத் திறந்த பிறகும் 'இந்தத் தளத்துக்கு எதுவும் இல்லை' என்கிறதா? நேற்றுவரை வேலை செய்த கணக்குக்கு அப்படிச் சொன்னால், அதுதான் எச்சரிக்கை.

அந்த நேரத்தில் தேடி எடுத்து ஒட்டாதீர்கள். பக்கத்தை மூடிவிட்டு, மேனேஜருக்குள் அந்தக் கணக்கோடு சேமித்திருக்கும் முகவரி வழியாகத் தளத்தைத் திறங்கள். நிறுவனம் நிஜமாகவே புது முகவரிக்கு மாறியிருந்தால், பழைய முகவரி பெரும்பாலும் உங்களை அங்கே கொண்டுபோய் விடும். நானும் அப்படித்தான் திறந்தேன். உடனே நிரப்பியது. உள்ளே போய்ப் பார்த்தால், கட்ட வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

இதைச் சொன்னதும் என் கணவர் தன் போனை எடுத்து, "நான் கையால தேடி எடுத்தா, இந்தத் தளத்தையும் சேர்த்துக்கவான்னு கேக்குமே, அது?" என்றார். நல்ல கேள்வி. சில மேனேஜர்கள் அப்படிக் கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால், போலி முகவரியும் அந்தக் கணக்கோடு சேர்ந்துவிடும். அடுத்த தடவை அதே போலிப் பக்கத்தில் பாஸ்வேர்ட் தானாகவே விழும். அவர் போனில் அப்படிச் சேர்ந்தவை இருக்கிறதா என்று அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பழைய ஷாப்பிங் கணக்கில் இரண்டு முகவரிகள் இருந்தன. இரண்டாவது எப்போது வந்தது என்று அவருக்கு ஞாபகமே இல்லை. அதை நீக்கி, நிஜத் தளத்துக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் தூங்கப் போனோம்.