சரியா தூங்கலைன்னா நாடித்துடிப்பு ஏன் ஏறுது? வாட்ச் சொல்வதை நம்பலாமா?

ஆழ்ந்த தூக்கத்தில் வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் போடும். துடிப்பு குறையும், துடிப்புகளுக்கு இடையிலான நேரம் மூச்சுக்கேற்ப கூடிக் குறையும். இந்த ஏற்ற இறக்கம்தான் வாட்ச்சில் தெரியும் HRV.

தூக்கம் குறைந்தால் அந்த பிரேக் தளரலாம். 5 மணி நேரமே தூங்கும் ஒருவரின் ஓய்வுத் துடிப்பு 60-லிருந்து 66-க்கு ஏறி, HRV 45 மில்லிசெகண்டிலிருந்து 32-க்கு இறங்குகிறது என வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரி மட்டும்னா பெருசா எடுத்துக்க வேண்டாம். காய்ச்சல், மதுவும் இதைச் செய்யும். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லணும்.

பக்கத்து சீட்காரரின் HRV-யோடு ஒப்பிடுவது வீண். வயது ஏற ஏற அது இயல்பாகவே குறையும். நாள்பட்ட தூக்கமின்மை உள்ள எல்லோருக்கும் இந்த மாற்றம் தெரிவதில்லை. எண்கள் நார்மலா இருப்பதாலேயே பிரச்சினை இல்லைன்னு சொல்லிவிட முடியாது.