எண் பழையது, எல்லை புதியது

இரண்டாம்நிலைத் தரவைத் தந்தவர் யார் என்று மட்டும் பார்த்து அதனை ஏற்பது போதாது. வேலூர் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது என ஒரு மாணவர் ஆராய்வதாகக் கொள்வோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அம்மாவட்டத்தில் சுமார் 39 இலட்சம் பேரைக் காட்டுகிறது. அது நம்பகமான அரசுத் தரவே. ஆயினும், 2019இல் அம்மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பழைய மக்கள்தொகையை இன்றைய வேலூரின் நிலையங்களது எண்ணிக்கையால் வகுத்தால், இல்லாத பற்றாக்குறை இருப்பதாகத் தோன்றும். அதே கணக்கெடுப்பின் ஊர்வாரி அட்டவணையில், இன்றைய எல்லைக்குள் அடங்கும் ஊர்களை மட்டும் கூட்டுவதே முறை. அவ்வாறு பெறும் தொகையும் 2011ஆம் ஆண்டுக்குரியதே என்பதை ஆய்வேட்டில் குறிப்பிடுதல் வேண்டும்.