கொடி பிடிப்பவரை நம்பி எத்தனை நாள்?

ரயில்பாதையில் வேலை செய்பவரைக் காப்பாற்ற அடிப்படையில் இரண்டே வழிகள்தான். ஒன்று, ரயிலை வரவிடாமல் செய்வது. இதுதான் லைன் பிளாக். மற்றொன்று, ரயில் வரும், வந்தால் சொல்கிறோம், விலகிக் கொள்ளுங்கள் என்பது. இதற்குத்தான் லுக்அவுட் எனப்படும் காவலாள், கொடி, ஊதுகுழல் எல்லாம். இரண்டையும் சமமான பாதுகாப்பு போலப் பலர் பேசுகிறார்கள். சமமே இல்லை.

இரண்டாவது வழியின் கணக்கை முதலில் பார்க்கலாம். பிரிட்டனில் உள்ள விதி, ரயில் வந்து சேர்வதற்குக் குறைந்தது 10 விநாடி முன்பே எல்லோரும் பத்திரமான இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்கிறது. கருவியைக் கீழே வைத்து, எழுந்து, தண்டவாளம் தாண்டி ஒதுங்க 15 விநாடி ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மொத்தம் 25 விநாடி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் 33 மீட்டர் கடக்கும். ஆக, அது சுமார் 830 மீட்டர் தொலைவில் இருக்கும்போதே காவலாள் கண்ணில் பட்டாக வேண்டும். வளைவு இருந்து 400 மீட்டர் வரைதான் தெரிகிறது என்றால் கையில் இருப்பது 12 விநாடி. அப்போது தள்ளி இன்னொரு ஆளை நிறுத்தி, அவர் இவருக்குக் கொடி காட்ட, இவர் வேலையாட்களுக்கு ஊத வேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் விநாடிகள் கரையும்.

அதன் பிறகும் ஊதியது காதில் விழ வேண்டுமே! மார்கம் விபத்து இங்கேதான் பாடம் சொல்கிறது. 2019 ஜூலை 3, காலை 9.52 மணி. சவுத் வேல்ஸில் உள்ள மார்கம் என்ற இடத்தில், தண்டவாளங்கள் பிரியும் பாயின்ட் ஒன்றில் மூன்று பேர் வேலை பார்த்துக் கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கையில் பெரும் சத்தம் போடும் இயந்திரக் கருவி. அதனால் மூவருமே காதடைப்பான் போட்டிருந்ததாகவே விசாரணை கருதியது. ஓட்டுநர் ஹார்ன் அடித்தார், பிரேக்கும் போட்டார். இரண்டு பேர் இறந்தார்கள், மூன்றாமவர் மயிரிழையில் தப்பினார்.

இத்தகைய சத்தத்தில் வேலை செய்பவர் பக்கத்திலேயே ஒரு காவலாள் நின்று, தொட்டு எச்சரிக்க வேண்டும். மார்கத்தில் அப்படி யாரும் இல்லை. முறையாக நியமிக்கப்பட்ட காவலாள் ஒருவர்கூட அங்கே இல்லை. லைன் பிளாக் திட்டத்தில் இருந்தது, ஆனால் மதியத்துக்கு. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்று வேலை முன்பே தொடங்கிவிட்டது. குழுவில் ஆறு பேர். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் முதலில் சொன்ன ஏற்பாடு நடைமுறைக்கு வரவில்லை. அதற்குப் பதில் செய்த ஏற்பாடும் நேரம் போகப் போகத் தளர்ந்து கொண்டே போனது. விதியை மீற வேண்டும் என்று யாரும் முடிவு செய்து உட்காரவில்லை. வேலை மும்முரத்தில் அது தானாக நடந்தது. ஆளின் கவனத்தை மட்டும் நம்பும் எந்த முறைக்கும் வரும் நோய் இது.

லைன் பிளாக்கில் நடப்பது வேறு. பொறுப்பாளர் சிக்னல்மேனுக்குப் போன் செய்கிறார். அவர் சிக்னலைச் சிவப்பில் வைத்து உறுதி சொன்ன பிறகே யாரும் பாதையில் கால் வைக்கலாம். இதிலும் தவறு நடக்கலாம். வேறு பாதையைச் சொல்லிவிடலாம், சிக்னல்மேன் மறந்து சிவப்பை எடுத்துவிடலாம். அதனால்தான் இரண்டு தண்டவாளங்களையும் கம்பியால் இணைக்கும் கிளிப் ஒன்றை மாட்டுகிறார்கள். டிராக் சர்க்யூட் உள்ள பாதையில், அங்கே ரயில் நிற்பதாகவே சிக்னல் அமைப்பு நினைத்துக் கொள்ளும், சிவப்பு மாறாது. ஒருவர் மறந்தாலும் காப்பாற்ற இன்னொன்று இருக்கிறது. கொடி முறையில் அந்த இன்னொன்று கிடையாது.

மார்கத்துக்குப் பிறகு பிரிட்டன் காவலாளை நம்பி வேலை செய்வதைப் பெருமளவு கைவிட்டது. 'பாதையை அடைத்தால் ரயில்கள் தாமதமாகும், பராமரிப்பு வேலையும் தேங்கும்' என்பது எதிர்வாதம். நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு விடை கால அட்டவணையில் இருக்கிறது. இந்திய ரயில்வேயில் காரிடார் பிளாக் என்று பராமரிப்புக்கு நேரம் ஒதுக்கும் ஏற்பாடு உண்டு. அந்த நேரத்தை ரயில் ஓட்டத்துக்கு விட்டுக் கொடுக்காமல் காப்பதுதான் முக்கியம்.

தண்டவாளத்தில் குப்பை பொறுக்கும் வேலைக்கும் இது பொருந்தும். 2024 நவம்பர் 2 அன்று ஷொறணூர் பாலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் நால்வர் மீது கேரளா எக்ஸ்பிரஸ் மோதியது. நால்வரும் சேலத்துக்காரர்கள், நால்வரும் இறந்தார்கள். பாலத்தின் மேல் ஒதுங்கப் பக்கவாட்டில் மண்தரை ஏது? ஒதுங்க இடமில்லாத இடத்தில் எவ்வளவு முன்னதாக எச்சரித்தாலும் பயன் குறைவுதான். அங்கே ரயில்தான் நிற்க வேண்டும், ஆள் ஓடக்கூடாது.