"கவனக்குறைவு" என்று எழுதுவதை நிறுத்துங்கள்

பரீட்சைக்கு முன் ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? எங்கள் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மீட்டல் புத்தகத்தை முதல் பக்கத்தில் திறந்து, எல்லாப் பாடத்தையும் ஒருமுறை "பார்த்துவிடுவது". நானும் அப்படித்தான் செய்தேன். லண்டனில் ரியூஷன் போன நாட்களில் எங்கள் சேரும் அதைத்தான் செய்யச் சொன்னார். அது படிப்பு இல்லை, படித்தோம் என்று மனதைத் தேற்றிக்கொள்வது மட்டும்தான் என்று இப்போது சண்டை பிடிக்க வந்திருக்கிறேன்.

போன மாதம் என் மச்சாள் ஒருத்தி தன் மொக் வினாத்தாளைக் கொண்டுவந்தாள். ஜிசிஎஸ்இ கணிதம், ஹையர், கல்குலேற்றர் இல்லாத முதலாம் தாள். 80க்கு 51. விடிந்தால் வகுப்பில் திரும்ப ஒரு தாள். மாமா ஒரே முடிவாகச் சொன்னார்: "வெக்டர் விளங்கேல்லையாம், அதைச் சொல்லிக் குடு." அவளுக்கும் அதுதான் விருப்பம். தாளின் கடைசியில் கிடந்த வெக்டர் கேள்வி அவளைப் பயமுறுத்தியிருந்தது.

நான் மறுத்தேன். அந்தக் கேள்வி மொத்தம் 4 புள்ளி. அவள் இழந்ததோ 29.

முதலில் அந்த 29ஐயும் மூன்று குவியலாகப் பிரித்தோம். இது அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் சேராது. முதல் நாளே, பேனையோடு உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. உண்மையிலேயே தெரியாதவை 11 புள்ளி. தெரிந்திருந்தும் பிழைத்தவை 12. கேள்வியைச் சரியாக வாசிக்காமலும், செய்கையைக் காட்டாமலும் போனவை 6. அந்த 12க்குப் பக்கத்தில்தான் அவள் தன் கையாலேயே "கவனக்குறைவு, கவனக்குறைவு" என்று எழுதி வைத்திருந்தாள்.

எனக்குக் கோபம் வரும் சொல் இது. கவனக்குறைவு என்று எழுதினால் திருத்த எதுவும் இல்லை, அடுத்தமுறை "கவனமாக இருப்பேன்" என்று விட்டுவிடலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம். அதே கேள்வியை வேறு எண்களோடு கொடுங்கள். சரியாக வந்தால் அது கவனக்குறைவு. அதே விதமாகப் பிழைத்தால் மனதில் ஒரு பிழையான விதி குடியிருக்கிறது. அவளுக்கு 5 − 2(x − 3) கொடுத்தேன். 5 − 2x − 6 என்று எழுதினாள். எண்களை மாற்றினேன், மறுபடியும் அதே பிழை. அடைப்புக்கு முன்னால் நிற்கும் கழித்தல், உள்ளே இருக்கும் கழித்தலையும் மாற்றும் என்பது அவளுக்குத் தெரியும், கேட்டால் சொல்லுவாள். ஆனால் கை அதைச் செய்யாது. அந்த ஒரு பழக்கம் இரண்டு கேள்விகளில் 5 புள்ளியைத் தின்றிருந்தது.

இனி எதற்கு நேரம் கொடுப்பது என்ற கேள்வி. எட்எக்செல் ஹையரில் மூன்று தாளும் சேர்த்து 240 புள்ளி. அதில் அட்சரகணிதம் ஏறக்குறைய 30 சதவீதம், விகிதமும் சதவீதமும் அடங்கிய பகுதி 20, கேத்திரகணிதம் 20, எண்கள் 15, புள்ளிவிபரமும் நிகழ்தகவும் 15. (நீங்கள் ஃபவுண்டேஷன் எழுதுபவரானால் கணக்கு மாறும்: எண்களும் விகிதமும் தலா 25, அட்சரகணிதம் 20தான். அண்ணாவின் திட்டத்தை அப்படியே பிரதி பண்ணாதீர்கள்.) அடைப்புக் கழித்தல் அட்சரகணிதம் முழுவதும் வரும்: சமன்பாட்டில் வரும், நிறுவலில் வரும், அட்சரகணிதப் பின்னத்தில் வரும். ஆகவே அது முதல் இடம். இரண்டாவது, தள்ளுபடிக்குப் பிந்திய விலையிலிருந்து பழைய விலையைக் கண்டுபிடிப்பது, 3 புள்ளி. பரப்பளவு விகிதத்திலும் 3 புள்ளி போயிருந்தது. ஆனால் சதவீதம் வட்டி, இலாப நட்டம் என்று கனக்க இடங்களில் தலைகாட்டும். அதனால் பரப்பளவை அன்றைக்கு விட்டுவிட்டோம். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எதையும் விட மனமில்லாதவர் எதையும் திட்டமிடவில்லை.

அந்த மணித்தியாலம் இப்படிப் போனது. முதல் 8 நிமிடம், பிழைத்த கேள்விகளை விடையைப் பார்க்காமல் திரும்பச் செய்தாள். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த 20 நிமிடம் கழித்தலுக்கு. ஒரே மாதிரி இருபது கணக்கு கொடுக்கக்கூடாது. மூன்றாவதிலேயே கை பழகி மூளை தூங்கிவிடும். (x + 4)² − (x − 1)² கொடுத்தேன். 6x + 17 என்றாள். "x = 1 போட்டுப் பார்" என்றேன். கேள்வியில் 25 வருகிறது, அவள் விடையில் 23. தானே திரும்பிப் போய், இரண்டாவது அடைப்பை விரித்தபோது −2x + 1 ஐ அப்படியே எழுதியிருந்ததைக் கண்டாள். சரியான விடை 10x + 15. அன்றிலிருந்து அவளிடம் இரண்டு பழக்கம்: கழித்தலுக்குப் பிறகு விரித்ததை முதலில் ஓர் அடைப்புக்குள் எழுதுவது, முடிந்ததும் x = 1 போட்டுச் சரிபார்ப்பது.

அடுத்த 20 நிமிடம் சதவீதம். 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு ஒரு சப்பாத்து 48 பவுண்ட். முன்பு என்ன விலை? அவள் 48இன் 20 சதவீதத்தைக் கூட்டி 57.60 என்றிருந்தாள். அதிலிருந்து 20 சதவீதம் கழித்துப் பார்க்கச் சொன்னேன். 46.08 வந்தது, 48 வரவில்லை. பிழை கணக்கில் இல்லை. எது 100 என்று அவள் கேட்கவில்லை, அங்கேதான் பிழை. பழைய விலைதான் 100. அப்படியானால் 48 என்பது 80 சதவீதம், 10 சதவீதம் 6, 100 சதவீதம் 60. இனி எந்தச் சதவீதக் கணக்கிலும் முதல் வரி "100% = ..." என்று எழுதுவாள். அந்த வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. புள்ளித்திட்டத்தில் செய்முறைக்குத் தனிப்புள்ளி இருக்கிறது. பிற்பாடு கூட்டலில் சறுக்கினாலும் முறை தெரிந்தால் அது பெரும்பாலும் கிடைக்கும். செய்கை காட்டாமல் 4 புள்ளியைக் காற்றில் விட்டவளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

கடைசி 12 நிமிடத்தில் புதிய ஆறு கேள்விகள், இரண்டு வகையையும் கலந்து. எது எந்த வகை என்று தலைப்புப் போடவில்லை, ஏனென்றால் பரீட்சையிலும் யாரும் போடுவதில்லை. நான்கு சரி. பிழைத்த இரண்டையும் அவளே x = 1 போட்டுப் பிடித்தாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் ஆறு கொடுத்தேன், ஐந்து சரி.

இந்த முறை எல்லாவற்றுக்கும் உதவாது. முதல் குவியலில் இருந்த 11 புள்ளி, அதாவது அவள் படிக்கவே இல்லாதவை, ஒரு மணித்தியாலத்தில் வராது. அதற்கு ஆறுதலாக இருந்து சொல்லிக்கொடுக்கவேண்டும். அதை அவசரத்தில் புகட்டப்போனால் தெரிந்ததும் குழம்பும். "இந்தமுறை கட்டாயம் வரும் தலைப்புகள்" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களையும் நம்பாதீர்கள். உங்கள் பிழைகள் உங்கள் பழைய தாளில்தான் இருக்கின்றன.

வெக்டரை இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம். மாமாவிடம் இரண்டு மணித்தியாலம் கேட்டிருக்கிறேன்.